திருப்பணிப் பண வேண்டுகோள்: புகார் செய்த விதமும் அதில் நாம் தடுமாறிய இடங்களும்

அன்புள்ள ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற செவ்வாய்க்கிழமை நம் ஊர் வாட்சப் குழுவில் நடந்ததைக் கேட்டு ஈப்போ, சிங்கப்பூர், சென்னை ஆகிய இடங்களிலிருந்து மடல்கள் வந்துள்ளன. குழுவைக் கவனித்துக்கொள்ளும் மூவரில் ஒருவன் என்ற முறையில், எல்லோருக்குமாக இந்த ஒரே மடலை எழுதுகிறேன்.

அன்று பகல் 11.20 மணிக்கு, நம் ஆச்சி ஒருவரின் எண்ணிலிருந்து, நகரக் கோயில் திருப்பணிக்குக் கல் வாங்க அவசரமாக முன்பணம் தேவை என்றும், அனுப்புகிற தொகையைப் பின்னர் புள்ளி வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றும் ஒரு செய்தி வந்தது. அதே செய்தி பலருக்குத் தனியாகவும் போயிருக்கிறது. சென்னையில் ஒருவர் ரூ.10,000, காரைக்குடியில் ஒருவர் ரூ.5,000 அனுப்பிவிட்டார்கள். முதலில் சந்தேகப்பட்டவர் ஈப்போ ஆச்சி. மூத்தவர்களை நாம் 'ஆச்சி' என்போமே தவிர 'அக்கா' என்பதில்லை. தனக்கு வந்த செய்தியில் 'அக்கா' என்று இருந்ததைப் பார்த்து அவர் உடனே வளவில் இருந்த வீட்டுத் தொலைபேசிக்குப் பேசினார். எண்ணுக்குரிய ஆச்சியோ அந்நேரம் அடுப்படியில் இருந்தார். தெரிந்தவர் ஒருவரின் எண்ணிலிருந்து வந்த வேண்டுகோளை நம்பி, "தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்ட" ஆறு இலக்க வாட்சப் சரிபார்ப்பு எண்ணை ஒரு மணி நேரத்துக்கு முன் சொன்னது மட்டுமே அவருக்கு நினைவிருந்தது. அந்தத் தெரிந்தவரின் கணக்கும் அதற்கு முன்பே பறிபோயிருந்தது.

இங்குதான் நாம் தடுமாறினோம். தம்பி ஒருவர் நல்லெண்ணத்தோடு, எல்லோரும் சேர்ந்து அந்த எண்ணைப் புகார் செய்தால் கணக்கு முடங்கிவிடும் என்று எழுதினார். அதில் பாதி உண்மை. ஆனால் அந்த எண் திருடனுடையது அன்று, ஆச்சியுடையது. முடக்கப்பட்டால் மீட்டபின் அந்த எண்ணில் வாட்சப் பயன்படுத்த முடியாமல் தவிப்பவரும் அவரே. இன்னொருவர் அவசரத்தில் செய்தியைப் புகார் செய்யாமல், குழுவின் விவரப் பக்கத்தில் இருக்கும் Report என்பதை அழுத்திவிட்டார். அது குழுவின் மீதே செய்யும் புகார். குழுவில் கடைசியாக வந்த ஐந்து செய்திகள் வாட்சப் நிறுவனத்துக்குப் போகும். அந்த ஐந்தில் இரண்டு பிறந்தநாள் வாழ்த்துகள்.

சிங்கப்பூரில் வங்கிப் பணியில் இருக்கும் அண்ணன் அதன் பிறகு சொன்ன வரிசையை இங்கே எழுதிவைக்கிறேன். முதலில் செய்தி, அனுப்பிய நேரம், பணம் கேட்ட யுபிஐ முகவரி ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டும். புகார் செய்யும்போது 'தடுத்து உரையாடலை நீக்கு' என்ற கட்டத்தில் குறி இருந்தால் நம்மிடமுள்ள சான்று அப்போதே போய்விடும். அதன் பிறகு புகாருக்குரிய செய்தியையே அழுத்திப் பிடித்து, அங்கிருந்து புகார் செய்ய வேண்டும். ஆளையே புகார் செய்தால் அவரிடமிருந்து நமக்கு வந்த கடைசி ஐந்து செய்திகள் போகும். எப்படிச் செய்தாலும் புகார் செய்தவர் யார் என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. ஆனால் பறிபோன கணக்கு என்று உறுதியானால் இதையும் நிறுத்திவிட்டு, உரியவர் தம் எண்ணை மீட்க உதவுவதே சரி என்றார். சிம் அட்டை கையில் இருந்ததால், ஆச்சியின் பேரன் வாட்சப்பை மறுபடி நிறுவி, புதிதாக வந்த ஆறு இலக்க எண்ணை இட்டதும் திருடன் வெளியேற்றப்பட்டான். ஆனால் போவதற்கு முன் அவன் இரட்டைச் சரிபார்ப்புக்கென ஒரு ரகசிய எண்ணைப் போட்டுவைத்திருந்தான். அது தெரியாதவர் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த எண்ணை நாமே முன்கூட்டிப் போட்டிருந்தால் அவனால் நுழைந்திருக்கவே முடியாது.

பணம் போனவர்களின் வேலை வேறு. சென்னைக்காரர் நாற்பது நிமிடத்துக்குள் 1930 எண்ணை அழைத்து, பரிமாற்றத்தின் பன்னிரண்டு இலக்க எண்ணைச் சொன்னார், பிறகு cybercrime.gov.in தளத்தில் முழு விவரத்தையும் நிரப்பினார். அவர் அனுப்பியதில் ரூ.6,000 அந்தக் கணக்கிலேயே இருந்ததால் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. அது கைக்கு வர நாளாகும். காரைக்குடிக்காரர் வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறுநாள்தான் அழைத்தார். அவர் பணம் அதற்குள் வேறு கணக்குகளுக்குப் போய்விட்டது. பணம் இழக்காமல், செய்தி மட்டும் வந்தவர்கள் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் தெரிவிக்கலாம். மலேசியாவில் பணம் இழந்தால் 997. சிங்கப்பூரில் மோசடியோ என்று சந்தேகம் வந்தாலே 1799-ஐக் கேட்கலாம்.

அடுத்தது, குழுவுக்கு என்ன சொல்வது என்பது. 12.05 மணிக்கு அந்த எண்ணைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, நான் எழுதிய அறிவிப்பு இது:

"இன்று 11.20 மணிக்குப் பிறகு நம் உறுப்பினர் ஒருவரின் எண்ணிலிருந்து வந்த பண வேண்டுகோளை அவர் எழுதவில்லை. அவருடைய கணக்கை வேறொருவர் கைப்பற்றியிருந்தார். அந்த எண்ணைப் புகார் செய்ய வேண்டாம். பணம் அனுப்பியவர்கள் உடனே 1930-ஐ அழைத்துவிட்டு எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். சங்கம் எந்தத் தனிநபர் கணக்குக்கும் பணம் கேட்பதில்லை."

பார்த்தவர்கள் எல்லோருக்கும் யார் என்று தெரியும்போது பெயரை மறைத்து என்ன பயன் என்று காரைக்குடிச் சித்தப்பா கேட்டார். அன்று பார்த்தவர்களுக்குத் தெரியும், உண்மைதான். ஆனால் அறிவிப்பு குழுவில் கிடக்கும். ஆறு மாதம் கழித்துத் தேடுகிறவருக்கு ஆச்சியின் பெயரும் 'மோசடி' என்ற சொல்லும் ஒரே வரியில் அகப்படக் கூடாது. பணம் இழந்தவர்களின் பெயரை வெளியிடாததற்குக் காரணம் காரைக்குடிக்காரரின் ஒரு நாள் தாமதத்திலேயே இருக்கிறது.

யுபிஐ முகவரியில் தெரிந்த பெயரையாவது போட்டு ஊருக்கே காட்ட வேண்டும் என்றும் சிலர் எழுதினார்கள். அந்தப் பெயரைப் போலீசுக்கும் வங்கிக்கும் கொடுத்தாயிற்று. கணக்கை வாடகைக்கு விட்டவராகவோ, அவரும் ஏமாந்தவராகவோ இருக்கலாம். நாமே தீர்ப்பு எழுதி அது தவறாகப் போனால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி அவதூறு வழக்கு நம் மீதே வரலாம். சித்தப்பாவுக்கு இதில் இன்னும் உடன்பாடில்லை. அவர் எதிர்ப்பையும் இங்கே பதிகிறேன்.

துபாயிலிருந்து ஒருவர், மூன்று வருடத்துக்கு முன் கைமாற்று வாங்கித் திருப்பித் தராத உறவினரையும் இதே போலப் புகார் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். அது கடன், வாட்சப் நிறுவனம் அதில் செய்ய ஒன்றுமில்லை, பெரியவர்களை வைத்துத்தான் பேச வேண்டும்.

ஏமாந்தவர்களைக் கடுமையாகத் திட்டி வந்த குரல்செய்தியை மட்டும் நீக்கினேன். அனுப்பியவரிடம் அன்று இரவே தனியாகப் பேசினேன். நிறுவனத்துக்குப் புகார் செய்யவில்லை. மறுமுறை நடந்தால் செய்வேன் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். முதல் முறையே அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் எனக்கு எழுதுங்கள்.

ஆச்சியின் கணக்கு வரும் செவ்வாய்க்கிழமைதான் திறக்கும். அதுவரை அவர் பதில் எழுதாததை வருத்தம் என்றோ ஒதுங்கல் என்றோ எடுத்துக்கொள்ளாமல், வீட்டுத் தொலைபேசியில் பேசுங்கள்.