மிட்-ரோல் வச்ச இடத்துல எல்லாம் கிராஃப் ஒரு படி இறங்குது, எங்க மாத்தி வைக்கிறது?

ரிப்பேர்காரன்:
வணக்கம். வீட்டு சாமான் ரிப்பேர் பண்ற சின்ன யூடியூப் சேனல் வச்சிருக்கேன். மிக்ஸி சுத்தாம நின்னா என்ன பண்றதுன்னு ஒரு வீடியோ, சரியா 16:40 நீளம். வீடியோ நடுவுல வர்ற மிட்-ரோல் விளம்பரத்துக்கு 4:00, 8:00, 12:00னு நானே கணக்கா பிரிச்சு மூணு இடம் வச்சேன். இப்ப 100 பேர்ல எத்தனை பேரு இன்னும் பாக்கறாங்கன்னு காட்டற ரிட்டென்ஷன் கிராஃப் பாத்தா 4:00ல 51ல இருந்து 45க்கு விழுது, 8:00ல 39ல இருந்து 35, ஆனா 12:00ல மட்டும் 27ல இருந்து 26 தான். அப்ப வீடியோவோட பின்பக்கம் விளம்பரம் வச்சா ஆளு ஓடமாட்டாங்கன்னு எடுத்துக்கலாமா? மூணையும் 10 நிமிஷத்துக்கு அப்புறமா தள்ளிடலாம்னு தோணுது.

ஆரஞ்சுமிட்டாய்:
எனக்கு மிட்-ரோல் வைக்கிற ஆப்ஷனே வரமாட்டேங்குது அண்ணா, மானிடைசேஷன் எல்லாம் ஆன்ல தான் இருக்கு, என் வீடியோ 7:30. ரிட்டென்ஷன் கம்மியா இருந்தா எடுத்துடுவாங்களா?

பழைய_எடிட்டர்:
@ஆரஞ்சுமிட்டாய் அதுக்கும் ரிட்டென்ஷனுக்கும் சம்பந்தமே இல்லப்பா. 8 நிமிஷம் இருந்தா தான் மிட்-ரோல். 2020 ஜூலைக்கு முன்னாடி 10 நிமிஷமா இருந்துச்சு. அதுக்காக அரை நிமிஷம் சும்மா இழுத்து வைக்காத, அந்த இழுவைல போற ஆளு விளம்பரத்துல போறவனை விட அதிகமா இருக்கும்.

சீரியல்பிரியன்:
டிவி சீரியல்ல என்ன பண்றாங்க, கதவு திறக்குது, யாரு வராங்கன்னு காட்டறதுக்கு முன்னாடி கட் பண்ணிடுவான், நம்மளும் உக்காந்துருப்போம். அதே டெக்னிக் தான் ப்ரோ, மிக்ஸியை திரும்ப ஆன் பண்ற நொடிக்கு முன்னாடி வைங்க. இல்லன்னா கிராஃப் எங்க ஏற்கனவே விழுதோ அங்க வைங்க, எப்படியும் போறவன் போயிடுவான், நமக்கு நஷ்டம் இல்ல.

பழைய_எடிட்டர்:
ரெண்டாவது சொன்னது தப்பு ப்ரோ. கிராஃப் விழற இடத்துல நிக்கிறவங்க எல்லாரும் போகப்போறவங்க இல்ல, பாதிப் பேரு போலாமா இருக்கலாமான்னு விரலை ஸ்க்ரீன் மேல வச்சிருக்கான், அவனுக்கு விளம்பரம் போட்டா நாமளே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. முதல்ல சொன்னது பாதி சரி, அதுக்கு அப்புறம் வரேன்.

@ரிப்பேர்காரன், கிராஃப்பை மட்டும் வச்சுப் பேச முடியாது. அந்த மூணு நேரத்துலயும் வீடியோல என்ன ஓடிட்டு இருந்துச்சு? ஒவ்வொரு வேலையும் எந்த நிமிஷத்துல முடியுது, அங்க கிராஃப் எவ்வளவுன்னும் எழுதுங்க.

ரிப்பேர்காரன்:
4:00ல கப்ளரை எந்தப் பக்கம் சுத்திக் கழட்டணும்னு சொல்லிட்டு இருக்கேன். 8:00ல எமரி ஷீட் போட்டு ஆர்மேச்சர் தேய்ச்சிட்டு இருக்கேன். 12:00ல புது கார்பன் பிரஷ் மாட்டி முடிச்சு அடி மூடியைக் கையில எடுக்கறேன்.

வேலை முடியற இடம்: கப்ளரும் அடி மூடியும் கழட்டி முடியறது 4:50, அங்க 44, அரை நிமிஷம் கழிச்சு 43. பழைய பிரஷ் வெளிய எடுத்து காட்டி முடியறது 7:10, அங்க 41, அடுத்து 40. தேய்ச்சு முடியறது 9:30, அங்க 33, அடுத்த அரை நிமிஷத்துல 29 (அங்க எந்த பிரஷ் வாங்கணும், என்ன விலைன்னு கொஞ்சம் கதை பேசிருக்கேன்). ஆன் பண்ணிப் பாக்கறது 13:40, அங்க 24, அப்படியே நிக்குது, அப்புறம் ஒரு மேடு.

பழைய_எடிட்டர்:
இப்ப தெளிவாயிடுச்சு. 12:00 நல்லா இருந்ததுக்குக் காரணம் அது பின்னாடி இருக்கறதால இல்ல, உங்களுக்கே தெரியாம ஒரு வேலை முடிஞ்ச இடத்துல போய் உக்காந்திருக்கு. 4:00ல "எந்தப் பக்கம் சுத்தணும்னா"ன்னு வாயைத் திறக்கும்போது விளம்பரம் வந்தா யாருக்கும் எரிச்சல் வரும்.

இன்னொன்னு, விழறதை அப்பப்போ அங்க இருக்கற ஆளுக்குக் கணக்கு பண்ணுங்க. 51ல 6 பேரு போறாங்கன்னா 100க்கு 12 பேரு, 39ல 4ன்னா 10 பேரு, 27ல 1ன்னா 4 பேரு கூட இல்ல. பின்னாடி போகப்போக கிராஃப் தானாவே தட்டையாகும், ஏன்னா மிச்சம் இருக்கறவன் பிடிவாதக்காரன். எல்லாத்தையும் 10 நிமிஷத்துக்கு அப்புறம் தள்ளினா 100ல 28 பேருக்குத் தான் விளம்பரமே போய்ச் சேரும்.

தட்டையா இருக்கற இடம்னு சொல்றதை நிறைய பேரு தப்பா புரிஞ்சிக்கறாங்க. பிரஷ்ஷைக் கழட்டற இடத்துல கிராஃப் தட்டையா இருக்குன்னா அவன் கண்ணை எடுக்காம பாக்கறான்னு அர்த்தம், அதோட நடுவுல வெட்டினா தான் ரொம்ப வலிக்கும். தேட வேண்டியது, ஒரு வேலை முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கற எல்லை, அந்த எல்லையைத் தாண்டியும் கிராஃப் தட்டையா போகணும். 4:50 அப்படி, 7:10 அப்படி. 9:30யும் வேலை முடியற இடம் தான், ஆனா அங்க 33ல 4 பேரு தானாவே எழுந்து போறாங்க, அங்க வைக்காதீங்க, அந்த விலைக் கதையைக் குறைங்க.

கிராஃப்பை வச்சு செகண்ட் கணக்கு பாக்க முடியாது, ஏபிஐ-ல எடுத்தாலும் முழு வீடியோவும் 100 புள்ளியா தான் வரும், உங்களுக்கு ஒரு புள்ளின்னா 10 செகண்ட். அதனால எந்த எல்லைன்னு கிராஃப்ல முடிவு பண்ணிட்டு, சரியான நொடியை எடிட்டிங் டைம்லைன்ல சத்தம் அடங்கற இடத்துல பாத்து எடுங்க. அடுத்த வீடியோல ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் ஒரு செகண்ட் வாயை மூடிட்டு இருங்க, போதும்.

சீரியல்பிரியன்:
சரி, என் 13:40 என்னாச்சு? அங்கயும் தட்டை தானே.

பழைய_எடிட்டர்:
அதான் பாதி சரின்னேன். அங்க நிக்குது, ஆனா பின்னாடி மேடு இருக்கு பாருங்க, சுத்துதா இல்லையான்னு மட்டும் பாக்க நேரா தள்ளிட்டு வந்து விழறவங்க அதுல இருப்பாங்க. மேடு ரீவைண்ட்னால வந்ததா, தாண்டி வந்ததாலயான்னு இந்த கிராஃப் மட்டும் சொல்லாது. முதல்ல ரெண்டை மாத்திப் பாத்துட்டு அப்புறம் அதைத் தொடலாம்.

லாவண்யா_சமையல்:
விளம்பர இடத்தை யூடியூபே வைக்கிற ஆட்டோவை ஆன் பண்ணி விட்டுட்டா அதுவே பாத்துக்காதா? 2025 மே மாசத்துல இருந்து பேச்சு நடுவுல வர்ற ஸ்லாட்டைக் குறைச்சு, இடைவெளி இருக்கற இடத்துல அதிகமா காட்டறாங்களே. நான் என் சமையல் வீடியோல எல்லாம் விட்டுட்டேன், ஆனா ஒரு தடவை கடுகு வெடிக்கற நேரத்துல கொண்டுபோய் வச்சிருந்துச்சு, அதுவும் அமைதி தான்னு நினைச்சுடுச்சு போல.

ரிப்பேர்காரன்:
மூணு வாரம் கழிச்சு வரேன். 4:00, 8:00 ரெண்டையும் எடுத்துட்டு 4:52லயும் 7:11லயும் வச்சேன், 12:00 அப்படியே. மாத்துன நாளுக்கு அப்புறம்னு தேதியை வச்சுப் பாத்தா பழைய 4:00 இடத்துல 50ல இருந்து 49, படி போயிடுச்சு. 4:52ல 48ல இருந்து 46, 7:11ல 44ல இருந்து 42. விழுது, ஆனா முன்ன மாதிரி இல்ல. காசு கூடுச்சான்னு கேக்காதீங்க, இந்த மூணு வாரம் வ்யூஸே கம்மி, பிரிச்சுப் பாக்க முடியல.

லாவண்யா அக்கா சொன்னாங்கன்னு ஆட்டோவையும் சேத்து ஆன் பண்ணேன், 2:40ல ஒண்ணு போட்டிருக்கு, சீரிஸ் பல்பு எரியுதான்னு நான் பேசாம பாத்துட்டு இருக்கற இடம். அதைக் கையால எடுத்துட்டேன்.

பழைய_எடிட்டர்:
நல்லது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, நீங்க ஸ்லாட் வச்சா எல்லாருக்கும் அங்க விளம்பரம் ஓடும்னு இல்ல, பிரீமியம் ஆளுங்களுக்கு வராது, மத்தவங்கள்லயும் சில பேருக்கு வராது. அதனால 48ல 2ன்னு காட்டறது, விளம்பரம் பாத்தவங்ககிட்ட மட்டும் எடுத்தா இன்னும் அதிகமா இருக்கும்.

சீரியல்பிரியன்:
13:40 வச்சா வந்து சொல்லுங்க ப்ரோ.