‘எலக்ட்ரானிக் கியரிங்’, ‘கேம்’: ஓடும் தாளை வெட்டும் கத்திக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

தமிழ்ச்செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரீல் தாளைக் கேட்ட நீளத்துக்கு நறுக்கித் தரும் இயந்திரம் ஒன்றுக்குத் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். தாள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் உருளையில் பொருத்திய கத்தி சுழன்று வந்து, ஓட்டத்திலேயே அதை வெட்டும்.

தாளை இழுக்கும் உருளைக்கு ஒரு சர்வோ மோட்டார், கத்தி உருளைக்கு இன்னொன்று. நடுவில் பல்சக்கரமும் இல்லை, சங்கிலியும் இல்லை. கட்டுப்பாட்டுக் கருவி போடும் கணக்குதான் இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறது. இதில் ஒரு வகைக்கு எலக்ட்ரானிக் கியரிங் என்று பெயர், இன்னொரு வகைக்கு எலக்ட்ரானிக் கேம். இப்போதைக்கு ‘மின்னணுப் பல்லிணை’, ‘மின்னணு நெம்புருள்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நெம்புருள் என்றால் பட்டறையில் யாருக்கும் புரியவில்லை.

அப்புறம், ஓடும் தாளை ‘வெப்’ என்கிறார்கள். வலை என்று எழுத முடியாது. நெசவிலிருந்து ‘பாவு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாமா?

ராமநாதன் எழுதியது:

பல்லிணை நல்ல சொல், அதை விடாதீர்கள். பாலிடெக்னிக்கில் பல வருடம் அந்தச் சொல்லை வைத்தே பாடம் நடத்தியிருக்கிறேன். கேமுக்குத் தனிச்சொல்லே தேவையில்லை. பல்லிணையில் விகிதம் மாறாது. கேமில் விகிதம் நேரத்துக்கு நேரம் மாறும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே ஒன்று ‘நிலைவிகிதப் பல்லிணை’, மற்றது ‘மாறுவிகிதப் பல்லிணை’. ஒரே வேரிலிருந்து இரண்டு சொல் கிடைத்துவிட்டது.

பாண்டி எழுதியது:

ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. பல்லிணைன்னு திரையில் எழுதினால் எங்கள் பசங்க ஸ்பேனரோடு போய் மூடியைக் கழற்றிப் பார்ப்பார்கள். உள்ளே பல்லே இல்லையே என்று என்னிடம்தான் வந்து நிற்பார்கள்.

நான் சிவகாசியில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறேன். சொல்லைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இதே மாதிரி மெஷினில் ஒரு தொந்தரவு இருக்கிறது, இங்கே கேட்கலாமா? கத்தி உருளையின் சுற்றளவு 400 மி.மீ., ஒரே கத்தி. 400 நீளத்துக்கு வெட்டினால் ஓரம் பிளேடால் கீறின மாதிரி சுத்தமாக வருகிறது. 300க்கு மாற்றினால் நீளம் ஸ்கேலில் கச்சிதமாக இருக்கிறது, ஓரம் மட்டும் இழுபட்டு நார் நாராக நிற்கிறது. 500 போட்டால் ஓரம் சுருங்கி மடிகிறது. கத்தியை இரண்டு தடவை சாணை பிடித்தாயிற்று. பழைய மெஷின்தான், சர்வோ மட்டும் பிறகு மாட்டினது. திரையில் ஒரே ஒரு விகிதம்தான் போட முடியும்.

சேவியர் எழுதியது:

பாண்டி அண்ணே, தாராளமாகக் கேளுங்கள். செல்வி கேட்டதற்கே உங்கள் மெஷினில்தான் விடை இருக்கிறது. சாணை பிடித்து இது சரியாகாது.

உங்கள் கத்தி ஒரு சுற்றுக்கு ஒரு வெட்டுப் போடுகிறது. நீளம் 300 வேண்டுமானால் 300 மி.மீ. தாள் ஓடுவதற்குள் கத்தி ஒரு முழுச் சுற்று முடிக்க வேண்டும், அதாவது கத்தி முனை 400 மி.மீ. பயணம் செய்ய வேண்டும். நீங்கள் போடும் ஒற்றை விகிதம் இதைச் சரியாகவே செய்கிறது, அதனால்தான் நீளம் பிசகவில்லை. ஆனால் கத்தி எப்போதும் தாளைவிட மூன்றில் ஒரு பங்கு வேகமாகப் போகிறது. தாளைத் தொடும் அந்தக் கணத்திலும் அதே வேகம்தான். வெட்டிக்கொண்டே தாளை முன்னால் இழுக்கிறது, ஓரம் நாராகிறது. 500இல் கத்தி தாளைவிட 20 சதவீதம் மெதுவாகப் போகிறது. பின்னால் வரும் தாள் கத்தியில் முட்டி மடிகிறது. 400இல் மட்டும் இரண்டு வேகமும் ஒன்று.

நீளம் சரி, ஓரம் மட்டும் கெடுகிறது என்றால் வெட்டும் இடத்தில் வேகம் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இதற்குத்தான் கேம். சுற்றில் வெட்டு விழும் பகுதியை மட்டும் தனியே பிரிக்கிறோம். 60 பாகை என்று வைத்துக்கொள்வோம். அந்த 60 பாகையில் கத்தி முனையும் தாளும் ஒரே வேகத்தில் போக வேண்டும். அதில் இரண்டுமே சுமார் 67 மி.மீ. நகரும். மீதி 300 பாகையில் கத்திக்கு 333 மி.மீ. பாக்கி இருக்கிறது, தாளுக்கு 233 மி.மீ.தான் பாக்கி. ஆகவே வெட்டி முடித்ததும் கத்தி வேகமெடுத்து ஓடி, அடுத்த வெட்டுக்கு முன் மறுபடி தாளின் வேகத்துக்கு இறங்க வேண்டும். குலுக்கல் இல்லாமல் ஏறி இறங்க ஐந்தாம்படி வளைவு போட்டால், நடுவில் கத்தி தாளைப்போல் ஏறக்குறைய 1.8 மடங்கு வேகத்தைத் தொடும்.

நீளம் 200 என்றால் அதே வளைவில் உச்சம் 3.8 மடங்காகிவிடும். மோட்டாருக்கு அந்த முறுக்கம் இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. சின்ன நீளத்துக்கு மெஷின் வேகத்தைக் குறைக்கச் சொல்வது இதனால்தான். வேகத்தைப் பாதியாக்கினால் கத்தியை முடுக்கத் தேவையான முறுக்கம் கால் பங்காகிவிடும்.

எதிர்ப்பக்கமும் ஓர் எல்லை இருக்கிறது. நீளம் கூடக்கூடக் கத்தி நடுவழியில் மெதுவாகிக்கொண்டே வரும். இந்தக் கணக்கில் 780 மி.மீ. வாக்கில் ஒரு கணம் நின்றே விடும். அதையும் தாண்டினால் வளைவு கத்தியைப் பின்னோக்கிச் சுழலச் சொல்லும். அப்போது வளைவை வெட்டிவிட்டு, நடுவில் நின்று காத்திருக்கும் பகுதி ஒன்றைச் செருக வேண்டும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ராமநாதன் ஐயா சொன்னது பாதி சரி. வேகத்தை மட்டும் பார்த்தால் கேம் என்பது மாறும் விகிதம்தான். ஆனால் கருவியின் நிரலில் MC_GearIn என்பது இரண்டு வேகங்களைத்தான் பிணைக்கும். MC_CamIn இரண்டு இடங்களைப் பிணைக்கும்: தாள் இத்தனை மி.மீ.யில் இருந்தால் கத்தி இத்தனை பாகையில் இருந்தாக வேண்டும். அவசர நிறுத்தத்துக்குப் பிறகு கத்தி கையால் தள்ளப்பட்டு இடம் மாறியிருந்தால், கியர் எதுவும் கேட்காமல் அங்கிருந்தே விகிதத்தைத் தொடரும். வெட்டு, தாளில் அச்சடித்த படத்தின் நடுவில் விழும். கேம் அப்படி விடாது.

இதனால் என் பரிந்துரை ‘விகிதப் பிணைப்பு’, ‘வளைவுப் பிணைப்பு’. பல்லும் வேண்டாம், உருளும் வேண்டாம்.

கவிதா எழுதியது:

பாவு பற்றி மட்டும் சொல்கிறேன், எங்கள் வீட்டில் தறி உண்டு. பாவு என்றால் நெடுக்கு இழைகள் மட்டும். ஊடை சேர்ந்த பிறகு அது துணி, பாவு என்று யாரும் சொல்ல மாட்டோம். தாளைப் பாவு என்று எழுதினால் ஈரோட்டில் சிரிப்பார்கள். ‘ஓடுதாள்’ என்றே எழுதுங்களேன்?

ராமநாதன் எழுதியது:

இடத்துக்கும் வேகத்துக்கும் உள்ள வேறுபாடு ஏற்கத்தக்கது. ஆனால் சேவியர், MC_GearInPos என்று ஒன்று இருக்கிறதே? அது குறித்த ஓர் இடத்தில் பொருந்திக்கொண்டுதான் விகிதத்தைத் தொடங்குகிறது. உங்கள் பிரிவினையில் அது எந்தப் பக்கம்? மேலும், கியர், கேம் என்ற பெயர்களைக் கேட்டவுடன் பழைய இயந்திரம் கண்முன் வருகிறது. பிணைப்பு என்றால் வேதியியல்தான் நினைவுக்கு வருகிறது. கவிதா, பாலித்தீன் பிலிமும் இதே கத்தியில் வெட்டுப்படுகிறது, அதை எப்படி ஓடுதாள் என்பது?

பாண்டி எழுதியது:

சேவியர் தம்பி, நன்றி. பேனலில் கேம் வசதி கிடையாதாம், மாட்டிக்கொடுத்தவர்களைக் கேட்டேன். கருவியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதுவரைக்கும் 300 வேலையை வேறு மெஷினுக்குத் தள்ளிவிடுகிறேன்.

இன்னொன்று. அச்சடித்த ரீலை 300க்கு வெட்டினால் முதலில் அச்சுக் குறியில் சரியாக விழுகிறது, போகப்போக வெட்டு நகர்கிறது. 1000 மீட்டர் ஓடினால் 2, 3 செ.மீ. தள்ளிப்போகிறது. இதுவும் அதனால்தானா?

சேவியர் எழுதியது:

அண்ணே, விகிதத்தை 1.3333 என்று அடித்திருக்கிறீர்களா? 400க்கு 300 என்பது 1.3333-இல் முடிவதில்லை. விட்டுப்போன அந்தத் துணுக்கு ஒவ்வொரு தாளிலும் ஒரு மயிரிழைகூட வராது, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். 1000 மீட்டருக்கு 25 மி.மீ. வரும், நீங்கள் சொல்லும் அளவேதான். மேல் எண், கீழ் எண் என்று இரண்டு கட்டம் இருந்தால் 4, 3 என்று தனித்தனியாகப் போடுங்கள். நிரலில் இப்படி இருக்கும்:

```
RatioNumerator   := 4
RatioDenominator := 3
```

அதற்குப் பிறகும் நகர்ந்தால் தாளை அளக்கும் சக்கரம் வழுக்குகிறதா, அதன் விட்டம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தாள் ஈரத்தில் நீளும், இழுவையில் நீளும், ஆகவே அச்சடித்த வேலைக்கு, அச்சுக் குறியைப் பார்த்துச் சொல்லும் ஐ-மார்க் சென்சார் இல்லாமல் கணக்கை மட்டும் நம்ப முடியாது.

ராமநாதன் ஐயா, MC_GearInPos என் பிரிவினையில் சரியாக உட்காரவில்லை என்பது உண்மைதான். அதை ‘இடம்பார்த்த விகிதப் பிணைப்பு’ என்று சொல்லிப் பார்க்கிறேன், எனக்கே நீளமாகப் படுகிறது. இன்னொரு சிக்கலும் சொல்லிவிடுகிறேன்: வெட்டும் இடத்தில் வேகம் அச்சொட்டாக ஒத்திருக்க வேண்டும் என்றேன். பல இடங்களில் கத்தியை வேண்டுமென்றே ஓரிரு சதவீதம் வேகமாக விடுவார்கள், வெட்டின தாள் அடுத்ததிலிருந்து பிரிந்து போவதற்காக. ஆகவே இதை ‘ஒத்தவேகப் பகுதி’ என்று பெயரிட்டால் அந்தச் சொல்லும் முழுப் பொருத்தமில்லை.

தமிழ்ச்செல்வி எழுதியது:

விகிதப் பிணைப்பு, வளைவுப் பிணைப்பு என்று எழுதிவிட்டேன். திரையில் வரும் சொற்களை மட்டும் கியர், கேம் என்று அப்படியே விடுகிறேன், பாண்டி அண்ணன் சொன்ன ஸ்பேனர் பயம் எனக்கும் உண்டு. ‘ஒத்தவேகப் பகுதி’க்குப் பதிலாக ‘வெட்டுப் பகுதி’ என்று போட்டேன், அங்கே வேகம் எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. தாளுக்கும் பிலிமுக்கும் பொதுவாக ‘ஓடுபட்டை’ சரிப்படுமா? கவிதா, ராமநாதன் ஐயா இருவரும் பாருங்கள்.

வெட்டு குறியிலிருந்து தள்ளி விழும்போது, ஓடிக்கொண்டிருக்கையிலேயே கத்தியைச் சில மி.மீ. முன்னோ பின்னோ நகர்த்துகிறார்களே, MC_PhasingRelative, அதற்கு இன்னும் சொல் இல்லை. ‘கட்டம்’ என்றால் மின்சாரத்தின் மூன்று கட்டத்தோடு குழம்பும்.

பாண்டி எழுதியது:

நாங்கள் அதைத் ‘தட்டி விடுறது’ என்போம். ஒரு தட்டுக்கு அரை மி.மீ.