அதிகமாகச் சாப்பிடுவதும், நிறுத்த முடியாமல் சாப்பிடும் பிஞ்ச் ஈட்டிங்கும்: உங்கள் அனுபவம் என்ன?

சுமதி: எடையைக் குறைப்பதற்காகக் காலை உணவைத் தவிர்த்து, மதியம் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, மீந்த இட்லி, ஆறிய சோறு, பிஸ்கட் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடுப்படியில் நின்றபடியே வேகவேகமாகச் சாப்பிடுகிறேன். வயிறு வலித்தாலும் கை நிற்பதில்லை. பிஸ்கட் உறைகளைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையின் அடியில் ஒளித்துவைக்கிறேன். வாரத்தில் பல இரவுகள் இப்படியே, மாதக்கணக்காக. வேறு யாருக்கேனும் இது உண்டா?

முருகேசன்: எனக்கும் உண்டு, அம்மா. கல்யாணப் பந்தியில் பாயசம் மூன்று முறை வாங்கிவிட்டு, அன்று முழுவதும் எழுந்திருக்க முடியாது. ஓமத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்.

கவிதா: இதற்கெல்லாம் மனக்கவலைதான் காரணம். மேலாளர் திட்டிய நாட்களில் நானும் ஒரு பை முறுக்கைத் தின்றுவிடுவேன். தீனியை வீட்டில் வாங்கி வைக்காமல், கொஞ்சம் மன உறுதியோடு இருந்தால் போதும்.

நிர்மலா: நான் மருத்துவமனையொன்றில் உளவியலாளராக இருக்கிறேன். முருகேசன் ஐயா விரும்பிச் சாப்பிட்டார், பலர் பார்க்கச் சாப்பிட்டார். வயிற்றுப் பாரம் இறங்கியதும் அதை மறந்தும்விட்டார். கவிதா சொல்வதுபோல் கவலை தூண்டுவது உண்மைதான், ஆனால் முறுக்கு அவருக்கு ஆறுதலாக இருக்கிறது, வேண்டுமென்றால் பாதியில் வைத்துவிடவும் முடியும். சுமதி சொல்வதில் நான் கவனிப்பது, நிறுத்த முடியாமல் போவதையும் அதற்காக ஒளிவதையும்தான். வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதங்களாக இப்படி நடந்து, மனமும் அதனால் வாடினால் நாங்கள் பிஞ்ச் ஈட்டிங் கோளாறா என்று பார்ப்போம். பகலில் வயிற்றைக் காயப்போடுவது இரவுப் பசியை மூர்க்கமாக்குகிறது. அங்கே மன உறுதியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. சுமதி, ஒன்று கேட்க வேண்டும்: சாப்பிட்டதை ஈடுகட்ட வாந்தி எடுப்பதோ, மறுநாள் முழுப் பட்டினி கிடப்பதோ உண்டா? இருந்தால் இது புலிமியாவாக இருக்கலாம், அதற்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சுமதி: வாந்தி இல்லை. முழுப் பட்டினி எப்போதாவது உண்டு.

நிர்மலா: அப்படியானால் எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை நேரில் பேசித்தான் இரண்டில் இது எது என்று பிரித்தறிய முடியும்.

ரஹீம்: எனக்கு இந்தக் கோளாறு இருப்பதாகச் சொல்லி, முதலில் கலோரியை எண்ணுவதை நிறுத்தச் சொன்னார்கள். மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு சிற்றுண்டியும், பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அந்தந்த நேரத்தில் சாப்பிட வேண்டும்; எப்போது, எங்கே, எந்த மனநிலையில் சாப்பிட்டேன் என்று உடனே குறித்துவைக்க வேண்டும். உடம்பு ஊதிவிடும் என்று பயந்தேன். இரவுகள் மெல்ல அடங்கின; எடை பெரிதாகக் குறையவில்லை, அது சிகிச்சையின் நோக்கமும் இல்லை என்றார்கள். இப்போது சில இரவுகளில் நான்கு பிஸ்கட்தான், ஆனாலும் அதே பிடிநழுவும் உணர்வு வருகிறது. இதுவும் கணக்கில் சேருமா?

நிர்மலா: அமெரிக்க மனநல வரையறைப்படி சாப்பிட்ட அளவும் பெரிதாக இருக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 அப்படிக் கேட்பதில்லை, பிடி நழுவியதே போதும் என்கிறது. நான் இரண்டாவதன் பக்கம். என்னோடு பணிபுரியும் மருத்துவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அந்த நான்கு பிஸ்கட்டையும் குறிப்பேட்டில் எழுதுங்கள், ரஹீம். அன்று மதிய உணவு தவறியதா என்பதையும் சேர்த்து.