தூக்கத்தில் கை வீசும் அப்பா: குளோனசெபாம் எடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

செல்வி, உட்லண்ட்ஸ்
அப்பாவுக்கு 67 வயது, டாக்சி ஓட்டுகிறார். இரண்டு வருடமாக விடிகாலை மூன்று, நான்கு மணிக்குத் தூக்கத்தில் கத்துவார், உதைப்பார். எழுப்பினால் நாய் துரத்தியது என்று கனவைத் தெளிவாகச் சொல்வார். தீபாவளிக்கு முந்திய வாரம் அவர் கை பட்டு அம்மாவின் கன்னம் வீங்கியது. இரண்டு நாள் கழித்து அவரே கட்டிலிலிருந்து விழுந்து நெற்றியில் தையல்.

மருத்துவமனையில் ஓர் இரவு தூங்கவைத்துச் சோதித்தார்கள். கனவு காணும் நேரத்தில் தளர வேண்டிய தசைகள் அவருக்குத் தளரவில்லை. டாக்டர் 0.5 மில்லிகிராம் குளோனசெபாமில் பாதி மாத்திரை கொடுத்தார். மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரியும்வரை டாக்சி எடுக்கக்கூடாது என்றார். அம்மாவை ஒரு நோட்டு எழுதச் சொன்னார். இடப்பக்கம்: கட்டிலை விட்டு இறங்கினாரா, யார் மேலாவது அடி பட்டதா. வலப்பக்கம்: காலையில் எத்தனை மணிக்குத் தெளிந்தார், இரவில் கழிவறைக்குப் போகும்போது தடுமாறினாரா.

வாரத்துக்கு நான்கு இரவு இருந்தது இரண்டாகக் குறைந்தது. முழு மாத்திரை ஆக்கினார்கள். நான்கு நாள் அருமை. ஒன்பதாம் நாள் காப்பிக்கடையில் பேப்பரைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். அன்றிரவு கழிவறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனதாக அம்மா எழுதியிருந்தார். மறுபடி பாதி மாத்திரைதான், அதுவும் படுக்க இரண்டு மணி நேரத்துக்கு முன்பே, கூடவே 3 மில்லிகிராம் மெலடோனின். ஐந்து வாரமாக அடி இல்லை, ஆனால் கத்தல் இருக்கிறது. கூட்டலாமா என்று கேட்டால் டாக்டர் வேண்டாம் என்கிறார். அது சரியா?

ராஜா அண்ணன்
தங்கச்சி, இது தூக்க மாத்திரை. பழகிவிடும், நிறுத்திவிடுங்கள். என் அண்ணி இப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

மீனாட்சி (ஓய்வுபெற்ற தாதி)
பழகும் என்பது உண்மை. அதற்காகத் திடீரென்று நிறுத்தினால் உதை பழையபடி, சில சமயம் அதைவிட அதிகமாகவே திரும்பும், தூக்கமும் கெடும். குறைப்பதென்றால் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான்.

செல்வி, ஒன்பதாம் நாள் தூங்கியது தற்செயல் இல்லை. இந்த மருந்தில் பாதி உடம்பை விட்டுப் போகவே 30, 40 மணி நேரம் ஆகும். இன்றைய மாத்திரை தீருமுன் நாளைய மாத்திரை மேலே சேரும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் உண்மையான அளவு நிற்கும். 'மூன்று நாள் நன்றாகத்தான் இருந்தார்' என்று வந்தவர்களை அடுத்த வாரம் விழுந்த காயத்தோடு பார்த்திருக்கிறேன். நோட்டில் இரண்டாம் வாரத்தைத்தான் நான் முதலில் திருப்புவேன்.

கத்தலுக்காகக் கூட்ட வேண்டாம் என்பதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. டாக்டர் தடுக்கப் பார்ப்பது காயத்தை. கத்தலால் யாருக்கும் எலும்பு உடையாது. கத்தலை அடக்கப் போய் 67 வயதில் கழிவறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், அந்த மாத்திரை யாருக்காக? இன்னொன்று, மாத்திரை உதையைக் குறைக்குமே தவிர தசை தளராத கோளாறு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அதனால் அலமாரியைக் கட்டில் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள், தரையில் மெத்தை போடுங்கள். கொஞ்ச நாளைக்கு அம்மா தனிக் கட்டிலில் படுக்கட்டும்.

நூர்ஜஹான்
என் கணவரும் இப்படித்தான் உதைத்தார். மூச்சடைப்பு என்று தெரிந்து இரவில் முகமூடி இயந்திரம் கொடுத்தார்கள், உதை நின்றுவிட்டது. மாத்திரையே இல்லை. உங்களுக்கும் அதைக் கேட்டுப் பாருங்களேன்.

செல்வி, உட்லண்ட்ஸ்
அக்கா, அதே சோதனையில் பார்த்துவிட்டார்கள், மூச்சடைப்பு இல்லை. இருந்திருந்தால் குளோனசெபாமே யோசித்துத்தான் கொடுப்போம், மூச்சை இன்னும் மந்தமாக்கும் என்றார் டாக்டர். மனச்சோர்வு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்றும் கேட்டார், சிலருக்கு அதனாலேயே இது வருமாம்.

கவிதா
இந்தத் தூக்கக் கோளாறு உள்ளவர்களுக்குப் பின்னாளில் பார்க்கின்சன் வரும் என்று படித்தேனே?

மீனாட்சி (ஓய்வுபெற்ற தாதி)
பலருக்கு வருடங்கள் கழித்து வருகிறது. யாருக்கு, எப்போது என்று சொல்ல முடியாது. குளோனசெபாம் அதைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை. அதனால்தான் நரம்பு டாக்டர் வருடந்தோறும் நடையையும் நினைவையும் பார்ப்பார்.

செல்வி, உட்லண்ட்ஸ்
என்னிடம் சொன்னார்கள். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அலமாரியை இன்று நகர்த்திவிட்டேன். அடுத்த செவ்வாய் டாக்டரைப் பார்க்கிறோம். டாக்சி எடுக்கலாமா என்று அப்பா தினமும் கேட்கிறார். நோட்டின் வலப்பக்கத்தில் நேற்றும் 'எட்டரைக்குத்தான் தெளிந்தார்' என்று இருக்கிறது.