ஒப்பந்தத்தில் எழுதாததை மார்ட்டன்ஸ் விதி தடுக்குமா?

செந்தூரன்: ஓர் ஆயுதத்துக்குத் தடை என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை என்றால், போரில் அதைப் பயன்படுத்துவது சட்டப்படி சரிதானா? மார்ட்டன்ஸ் விதி தடுக்கும் என்கிறார்களே?

கவின்: தடுக்காது. ஒப்பந்தம் சொல்லாத இடத்திலும் மக்களுக்குக் காப்பு உண்டு என்று ஹேக் போர்ச் சட்ட ஒப்பந்தத்தின் முகவுரையில் உள்ள ஒரு நல்ல வாசகம் அது, அவ்வளவுதான். 1899 ஹேக் மாநாட்டில், ஆக்கிரமிக்கப்பட்ட ஊரில் ஆயுதம் ஏந்தும் மக்களைப் போர்வீரர்களாக ஏற்பதா என்று பெரிய நாடுகளுக்கும் பெல்ஜியம் போன்ற சிறிய நாடுகளுக்கும் தகராறு. தீர்வு வரவில்லை. ரஷ்யாவின் பிரதிநிதி மார்ட்டன்ஸ் இந்த வாசகத்தைப் படித்துச் சமாளித்தார்.

வாசுகி: கவின், பிறந்த கதை சரி. ஆனால் ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977இல் வந்த முதலாம் கூடுதல் நெறிமுறையில் அது 1ஆம் பிரிவுக்கே வந்துவிட்டது. விடுபட்ட இடங்களிலும் மக்களும் போராளிகளும் வழக்காறு, மனிதநேயம், பொது மனசாட்சி ஆகியவற்றின் காப்பில் இருக்கிறார்கள் என்கிறது.

அது வேலை செய்வதை 1996 அணு ஆயுத வழக்கில் பாருங்கள். அணு ஆயுதத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று பொதுவான ஒப்பந்தம் அப்போது இல்லை. அதனால் சட்டமே இல்லை என்று ஆகிவிடாது என்றது சர்வதேச நீதிமன்றம். போர்ச் சட்டத்தின் அடிப்படை நெறிகள் பிறகு வந்த ஆயுதத்துக்கும் பொருந்தும் என்பதற்கு இந்த விதியைத்தான் காட்டியது. பொதுமக்களைக் குறிவைக்காதே, தேவையற்ற வேதனை தராதே என்ற நெறிகள் அப்படித்தான் அணுகுண்டின் மேலும் வந்து விழுந்தன.

கவின்: சரி, முடிவு என்ன ஆயிற்று? நாடு அழியும் நிலையில் தற்காப்புக்குப் பயன்படுத்தலாமா என்று சொல்ல முடியவில்லை என்றார்கள். அதுவும் 7-7, தலைவரின் கூடுதல் வாக்கால். ஜெர்மன் ஆயுத நிறுவனமான க்ருப்பின் அதிகாரிகள் மீதான 1948 வழக்கிலும் இது வெறும் நல்லெண்ணப் பிரகடனம் அல்ல என்று புகழ்ந்தார்கள். ஆனால் ஆக்கிரமித்த நாடுகளின் தொழிற்சாலைகளைச் சூறையாடியதற்குத் தண்டிக்க எழுதப்பட்ட ஹேக் விதிகளே போதுமாக இருந்தன.

வாசுகி: ஒப்புக்கொள்கிறேன். தனியாக நின்று தடை போடுகிறதா என்பதில்தான் பிளவு. அணு ஆயுத வழக்கில், தடை வேறு விதியில் இருக்க வேண்டும் என்றது பிரிட்டன். விதிக்கே கட்டுப்படுத்தும் பலம் உண்டு என்று மாறுபட்ட கருத்தில் எழுதினார் நீதிபதி ஷஹாபுதீன். நான் அவர் பக்கம். ஆனால் பொது மனசாட்சியை எதை வைத்து அளப்பது என்பதில் எனக்கும் தெளிவில்லை.

யாழ்வாசி: 90களில் எங்கட வீட்டில குண்டு விழுந்தது. இந்த விதியைக் காட்டி நட்டஈடு கேட்கலாமா அக்கா?

வாசுகி: இல்லை தம்பி, நட்டஈட்டுக்கு இது வழி தராது. உள்நாட்டுப் போருக்கான இரண்டாம் நெறிமுறையின் முகவுரையிலும் இந்த வாசகம் உண்டு, ஆனால் இலங்கை அதில் சேரவில்லை. உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும் ஜெனீவா ஒப்பந்தங்களின் பொதுப் பிரிவு 3உம் வழக்காற்றுச் சட்டமும் இரு தரப்பையும் கட்டுப்படுத்தின. வீட்டின் மேல் ஏன் குண்டு விழுந்தது என்ற கேள்வியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கவின்: பார்த்தீர்களா, கடைசியில் எழுதிய விதிக்குத்தான் போகிறீர்கள்.

வாசுகி: வழக்காறு எங்கே எழுதியிருக்கிறது, கவின்?