டெலோஜென் எஃப்ளூவியம்: தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்:
டெங்கு பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். காய்ச்சல் விட்டு இரண்டு மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும் டெலோஜென் எஃப்ளூவியத்துக்கு ‘காய்ச்சல் முடியிழப்பு’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

தோல் மருத்துவர்:
‘இழப்பு’ வேண்டாம் ஐயா, படிப்பவர் பயந்துவிடுவார். ‘காய்ச்சல்’ என்பதும் போதாது. பிரசவம், பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இதே கதைதான். தலைமுடியில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும், மீதி ஓய்வில் இருக்கும். கடும் காய்ச்சல் அடித்தால் வளரும் முடியில் கணிசமான பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் அப்படியே நின்று, அப்புறம்தான் சேர்ந்து உதிரும். ஆகவே ‘ஓய்வுமுடி உதிர்வு’ என்பேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘வேரறு உதிர்வு’ பொருந்தாதா? என் மருமகளுக்கு விழும் முடியின் அடியில் வெள்ளையாக வேரே வருகிறது.

தோல் மருத்துவர்:
அந்த வெள்ளைக் குமிழ் வேர் அல்ல ஐயா, ஓய்வில் இருந்த முடியின் தடித்த அடிமுனை. முடி முளைக்கும் குழி தோலுக்குள் பத்திரமாகவே இருக்கிறது. நிறைய முடி குமிழோடு விழுந்தால் இந்த வகையாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம்.

ஒரு வாசகி:
சொல் எதுவானாலும் சரி, எனக்கு ஆகஸ்ட் தொடக்கத்தில் டைஃபாய்டு. அக்டோபரில் கொட்டத் தொடங்கியது. புது ஷாம்புதான் காரணம் என்று நிறுத்திவிட்டேன். மொட்டை போட்டால் நிற்குமா?

தோல் மருத்துவர்:
ஷாம்பு காரணமில்லை அம்மா, தாராளமாகக் குளியுங்கள். குளிக்காவிட்டால் சீப்பில் வர வேண்டியது தேங்கி, குளிக்கும் நாளில் மொத்தமாக வரும், அவ்வளவுதான். மொட்டையால் குழியில் எதுவும் மாறாது. உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். குறுக்கே ஒரு பள்ளம் தெரிந்தால் அதுவும் அந்தக் காய்ச்சலின் தடயம்தான். நகம் மாதம் சுமார் 3 மி.மீ. வளரும், ஆகவே பள்ளமும் மெல்ல மெல்ல நுனியை நோக்கி நகரும். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் உதிர்வு அடங்கும். நெற்றியோரம் குட்டை முடி முளைப்பது நல்ல அறிகுறி. ஆனால் முடி மாதத்துக்கு 1 செ.மீ. அளவே நீளும், பின்னல் பழைய தடிமனுக்கு வர ஓராண்டுக்கு மேலாகும். ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால் இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது வேறு நோய், காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

தமிழாசிரியர்:
தாமதம்தான் இதன் தனி அடையாளம் என்றால் ‘பின்னுதிர்வு’?

மொழிபெயர்ப்பாளர்:
சுருக்கமாக இருக்கிறது ஐயா, ஆனால் பின்மண்டையில் உதிர்வது என்று படிப்பார்களோ? இப்போதைக்கு ‘ஓய்வுமுடி உதிர்வு’ என்றே போட்டு, பக்கத்தில் ‘காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று மாதத்தில் வரும்’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். வேறு சொல் தோன்றுபவர்கள் எழுதுங்கள்.