அல்பத்துக்குள்ள நடக்கிற கூத்து: ஒரு யோசனை சொல்லுங்கோ

போன மாதம் வேலை இடத்து ஆக்கள் 9 பேர் நிலாவெளி, புறாத்தீவு எல்லாம் சுத்தினம். படங்களுக்கு கூகுள் ஃபோட்டோஸில பொது அல்பம். பிரெட்றிக் கோட்டைக்குள்ள நிண்ட மானை நான் போட, கீழ, எங்களோட வந்ததில எனக்குப் பிடிச்ச பிள்ளை ஒராள், "உங்களை மாதிரியே முழிக்குது" எண்டு எழுதினா. ரெண்டு நாளால, மணலில அவவின்ர செருப்பு மட்டும் கிடக்கிற படத்தைச் சேர்த்து "ஆள் எங்க?" எண்டன். "தேடிப் பாருங்கோ" எண்டு பதில்!

அங்க எழுதுறது 9 பேருக்கும் தெரியும். எங்களோட வேலை செய்யிற அக்கா ஒராள் செருப்புக்கு இதயம் போட்டிட்டா (செருப்புக்கு!). இப்ப நான் எழுதினதை அழிச்சா அந்தப் பிள்ளை பிழையா விளங்குவாவோ? ரெண்டு பேருக்கு மட்டும் புது அல்பம் திறந்து அழைச்சா அவசரப்படுறன் எண்டு நினைப்பாவோ? அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.